நாப்பத்தி நாலாவது சீட்டு

சூசைநாதன்னு பேரு காதுல விழுந்தா, நாலு வருஷத்துக்கு முன்ன வரைக்கும் நான் காறித் துப்புவேன். பேச்சுக்குச் சொல்லல, நெஜமாவே துப்புவேன். வில்லியனூரு ஸ்டேஷனுக்கு அந்தாண்ட மல்லாட்டை மிஷின் ஒன்னு இருந்துச்சே, வேர்க்கடலையைத் தொலி உரிச்சி பருப்ப மூட்டை கட்டி கப்பலுக்கு அனுப்புவாங்களே, அங்க கணக்கு எழுதினவரு. மாதா கோயில் தெருக்காரரு. ஒல்லியா நெட்டையா இருப்பாரு. கோட்டு நைஞ்சி போயிருக்கும், காலரு மட்டும் வெள்ளை வெளேர்னு இருக்கும். சிரிச்சி ஒருத்தரும் பாத்ததில்ல. கைல எப்பவும் ஒரு நோட்டு. மிஷின் வாசல்ல நின்னுகினு யாரு எப்ப உள்ள வந்தா, யாரு எப்ப வெளிய போனான்னு எழுதிகினே இருப்பாரு. எமனோட ஆளு மாதிரின்னு பொம்பளைங்க எல்லாம் சொல்லுவோம்.

எங்க வூட்டுக்காரரு அந்த மிஷின்ல இன்ஜின் ஓட்டினாரு. அவுரு பேரை நான் வாயால சொல்றதில்ல. ஆனா இந்தக் கதையில சீட்டுல அவுரு பேரு வருது, அதனால ஒரு தடவை சொல்லிடறேன், இருசப்பன். கரிக்கலாம்பாக்கத்துக்காரரு. கல்யாணம் ஆன மறுமாசம் என்னை இட்டுகினு வில்லியனூருக்கு வந்து மிஷினுக்குப் பின்னாலயே குடிசை போட்டாரு. கோவம் வந்தா அவுருக்குத் தலைகால் புரியாது. எனக்கும் அப்படித்தான். எங்க வூட்ல சட்டி பானை நிலைச்சதே பெரிசு.

பகை எப்படி வந்துச்சின்னா, என் மாமியா செத்தப்ப வந்துச்சி. முப்பத்தாறாம் வருஷம். கருமாதி முடியற வரைக்கும் பதினாறு நாளு இவுரு வேலைக்குப் போவல. "நீ போய்ட்டு வாடா, நோட்டுல நான் சொல்லி வந்ததா எழுதவெக்கறேன்"னு மேஸ்திரி சொல்லி அனுப்பிச்சான். அந்த மேஸ்திரி பேச்சை நம்பி இவுரு போனாரு. திரும்பி வந்து பாத்தா, பதினாறு நாளும் வரலன்னு எழுதி வெச்சிருக்காரு சூசைநாதன்.

"இன்னாய்யா இது, பெத்த தாயி செத்துட்டா, அதுக்குக்கூட எரக்கம் இல்லியா உனக்கு?"ன்னு இவுரு கத்தினாரு.

"நீ வரல. வரலன்னு எழுதினேன். அம்மா செத்ததுக்கு வருத்தம்தான், ஆனா அதை எழுதறதுக்கு இந்த நோட்டுல இடம் இல்ல"ன்னாரு அந்தாளு.

அவ்ளோதான். இவுரு எட்டி சட்டையைப் புடிச்சிட்டாரு. அந்த வெள்ளைக் காலரு அப்படியே கிழிஞ்சி கைல வந்துடுச்சி. நாலு பேரு புடிச்சி இழுத்தாங்க. வேலையை விட்டு நிறுத்திடுவாங்கன்னு நான் பயந்துகினு உக்காந்திருந்தேன். ஆனா ஒன்னும் நடக்கல. சூசைநாதன் மேல போய் சொல்லல. மறுநாளு வேற காலரு போட்டுகினு வந்து அதே வாசல்ல நின்னாரு. ஆனா அன்னையிலேருந்து நாலு வருஷம், இவுரும் அவுரும் மூஞ்சி குடுத்துப் பேசினதில்ல. நானும் துப்பறதை நிறுத்தல.

அப்பால தேசத்துக்கு தேசம் சண்டை வந்துச்சே, அந்த நாப்பதாம் வருஷம் நம்மை ஆள்ற பிரான்சு தேசமே விழுந்துடுச்சின்னாங்க. மார்சேலுக்குப் போவற கப்பல் நின்னுபோச்சி. மூட்டை மூட்டையா மல்லாட்டை கிடங்குல கெடந்து பூஞ்சை புடிச்சிது. செப்டம்பரு மாசம் கடைசி சனிக்கிழமை, மிஷின் மூடியாச்சின்னு முசே சொல்லிட்டாரு. முசேன்னா மேனேஜரு, வெள்ளைக்காரத் தொரை. வர்ற வெயாழக்கிழமை ரயிலேறி மெட்ராசுக்குப் போயி, அங்கேருந்து கப்பல் ஏறி எங்கியோ போவப்போறாருன்னு பேச்சு. போனா திரும்ப மாட்டாரு.

அன்னிக்கு ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் இல்ல. வூட்ல மூணு வாயி. எங்க வூட்டுக்காரருக்கு இன்ஜினைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. ஏரு புடிக்கத் தெரியாது, கரும்பு வெட்டப் போனா கையை வெட்டிகினு வருவாரு. இன்ஜின்னா மட்டும், அதோட சத்தத்தைக் கேட்டே எங்க சூடு ஏறுது, எங்க எண்ணெய் காஞ்சிதுன்னு சொல்லுவாரு. டவுன்ல தண்ணி எறைக்கிற இன்ஜின் கொட்டாய்ல ஆளு எடுக்கறாங்கன்னு தெரிஞ்சிது. மராமத்து ஆபீஸ் வேலை, சர்க்காரு வேலை. இன்ஜினைத் தனியாப் பொறுப்பா அஞ்சி வருஷம் ஓட்டின ஆளாத்தான் வேணுமாம். பழைய எடத்துலேருந்து செர்த்திபிக்கா கொண்டாரணும், வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள. வேலை செஞ்ச எடத்துல எழுதித் தர்ற சீட்டைத்தான் செர்த்திபிக்கான்னுவாங்க. அதை வெச்சித்தான் அடுத்த எடத்துல கதவு தொறக்கும்.

இப்ப அந்தச் சீட்டை எழுதப்போறது யாரு? சூசைநாதன்.

"போச்சிடி"ன்னாரு எங்க வூட்டுக்காரரு. "காலரைக் கிழிச்சதை எழுதிடுவான். ஒரு வரி போதும், என் பொழப்பு கிழிஞ்சிது."

"எழுதட்டும் பாக்கறேன்"ன்னேன் நான். வாய்தான் அப்படிச் சொல்லிச்சி.

செவ்வாக்கிழமை வரிசையா நிக்கவெச்சி சீட்டு குடுத்தாங்க. மொத்தம் நாப்பத்திமூணு பேரு. மேசை மேல நோட்டு, முத்திரை, மசிக்கூடு. முசே கையெழுத்தை எல்லாத்துலயும் சூசைநாதன் முன்னாலயே வாங்கி வெச்சிருந்தாரு. ஒவ்வொருத்தரா பேரைக் கூப்பிட்டு, சீட்டைக் குடுத்து, நோட்டுல குடுத்தாச்சின்னு எழுதி, கைநாட்டு வாங்கினாரு. எங்க வூட்டுக்காரரு முறை வந்தப்ப ரெண்டு பேரும் நிமிந்துகூட பாக்கல. இவுரு நாட்டு வெச்சாரு, சீட்டைப் புடுங்காத குறையா வாங்கிகினு வந்துட்டாரு.

பிரெஞ்சில எழுதினது. எங்களுக்கு இன்னா தெரியும்? நேரா உலகநாதன் கடைக்கு ஓடினோம். மளிகைக் கடை வெச்சிருந்தாலும், சின்ன வயசுல டவுன்ல படிச்சவரு. கண்ணாடியைத் தொடைச்சி மாட்டிகினு படிச்சாரு. படிச்சிட்டு சீட்டைத் திருப்பி பின்பக்கம் பாத்தாரு. பின்னால ஒன்னும் இல்ல.

"இன்னா எழுதியிருக்கு, சொல்லுங்களேன்"ன்னேன்.

அவுரு படிச்சிச் சொன்னது எனக்கு இன்னிக்கும் மனப்பாடம். 'கீழே கையெழுத்திடும் மேனேஜராகிய நான் சான்று கூறுவது. கரிக்கலாம்பாக்கம் இருசப்பன் எங்கள் ஆலையில் 1931 மார்ச் 9 முதல் 1934 நவம்பர் 11 வரை இன்ஜினுக்கு எண்ணெய் போடுபவராகவும், 1934 நவம்பர் 12 முதல் 1940 செப்டம்பர் 28 வரை எண்ணெய் இன்ஜினைத் தனிப்பொறுப்பில் ஓட்டுபவராகவும் வேலை பார்த்தார். எங்களுக்கு எந்தக் கடப்பாடும் இல்லாமல் விடுபட்டுப் போகிறார்.' அப்பால ஊரு, தேதி, கையெழுத்து, முத்திரை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"காலரைப் பத்தி?"

"காலரா? அதெல்லாம் இல்ல. ஆனா இன்னாம்மா இது, ஒரு நல்ல வார்த்தைகூட இல்லியே. நல்லவன், நம்பிக்கையானவன், கெட்டிக்காரன், ஒன்னும் காணோம். என் மச்சான் பையனுக்கு அவன் தொரை ஒரு பக்கம் பூரா புகழ்ந்து எழுதினாரு. இது ஏதோ சாவு ஓலை மாதிரி மொட்டையா இருக்கு. வேணும்னே எழுதாம விட்டிருக்கான்."

அப்படியே பத்திகிச்சி எங்களுக்கு. பின்ன, நாங்க பாத்த கடுதாசி எல்லாம் எப்படி இருக்கும்? நெலவரி தள்ளிவையுங்கன்னு ஒரு மனு எழுதினாக்கூட, மகாராஜான்னு ஆரம்பிச்சி பாதத்துல விழுந்து, குலம் கோத்திரமெல்லாம் வாழ்த்திட்டுத்தான் விசயத்துக்கு வருவாங்க. பத்து வருஷம் ராவும் பகலும் ஒழைச்சவனுக்கு மூணு வரியா? அதுல எண்ணெய் போடறவன்னு வேற எழுதிக் கேவலப்படுத்தியிருக்கான். திட்டாம திட்டியிருக்கான், பாரு கட்டையில போறவன்னு நெனச்சேன். நாலு வருஷம் பல்லைக் கடிச்சிகினு இருந்து, நேரம் பாத்து வெச்சிட்டான்னு நெனச்சேன்.

புதன்கிழமை விடியறதுக்குள்ள எங்க வூட்டுக்காரரு மூலக்குளம் வழியா நடந்தே டவுனுக்குப் போனாரு. கோர்ட்டு எதிர மனு எழுதற அந்தோணிசாமிகிட்ட ஒரு சீட்டு எழுதி வாங்கிகினு, மத்தியானம் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தாரு. ஒரு பக்கம் நெறைய, கொடி கொடியா எழுத்து. அந்தோணிசாமி அதைத் தமிழ்ல சொல்லிக்காட்டினானாம். பத்து வருஷமும் தலைமை மெக்கானிக்கு, எந்த மிஷினைக் குடுத்தாலும் கழட்டி மாட்டுவாரு, ஒழுக்கத்துல தங்கம், முதலாளிக்குக் கை கால் மாதிரின்னு. கேக்கக் கேக்க எனக்கே பெருமையா இருந்துச்சி. இதுல முசே ஒரு கையெழுத்து போட்டா போதும்.

நானும் கூட போனேன். மிஷின் காலியா கெடந்துச்சி. சத்தமே இல்லாம அந்த எடத்தைப் பாக்க ஒரு மாதிரி இருந்துச்சி. சூசைநாதன் மட்டும் உக்காந்து நோட்டுங்களை எல்லாம் துணியில கட்டிகினு இருந்தாரு. டவுன் ஆபீஸுக்கு அனுப்பறதுக்கு.

நான் அந்தப் பெரிய சீட்டை மேசை மேல வெச்சேன். "இதுல முசேகிட்ட கையெழுத்து வாங்கிக் குடு."

அவுரு படிச்சாரு. மெதுவா, ஒவ்வொரு வரியும் வெரலை வெச்சி. படிச்சிட்டு மடிச்சி என் பக்கம் தள்ளினாரு. "முடியாதும்மா."

"ஏன் முடியாது? உன் அப்பன் வூட்டுச் சொத்தா போவுது?"

"இதுல இருக்கறது நெஜம் இல்ல. பத்து வருஷமும் இவரு இன்ஜின் ஓட்டல. முதல் மூணு வருஷம் எட்டு மாசம் எண்ணெய் போட்டாரு. பழைய டிரைவரு சாமிக்கண்ணு போனப்பறம்தான் இன்ஜின் இவரு கைக்கு வந்துச்சி. மிஷினுங்களைக் கழட்டி மாட்டினது டவுன்லேருந்து வந்த பிட்டரு."

"அது எங்களுக்கும் தெரியும். ஒரு நல்ல வார்த்தை எழுதினா கொறைஞ்சா போயிடுவ? கூட்டி எழுத வேணாம், நல்லவன்னு ஒன்னு போடு."

"சட்டத்துல மூணுதான் கேக்கறாங்க. உள்ள வந்த நாளு, வெளிய போன நாளு, செஞ்ச வேலை. நல்லவன்னு நாப்பத்திரெண்டு பேருக்கு எழுதி ஒருத்தனுக்கு எழுதலன்னா, எழுதாததே அவனுக்குக் கெட்ட பேராப் போயிடும். அதனால யாருக்கும் எழுதல. நல்லதும் எழுதல, கெட்டதும் எழுதல."

கெட்டதும் எழுதலன்னு சொன்னப்ப எங்க வூட்டுக்காரரைப் பாத்தாரு. நாலு வருஷத்துல முதல் தடவையா பாத்தாரு. இவுரு தலையைக் குனிஞ்சிகினாரு. எனக்கு மட்டும் அப்ப ஒன்னும் ஏறல. நாயம் பேசறான் பாரு, நாயம், வூட்ல அடுப்பு எரியுமான்னு நான் நிக்கறேன், இவன் சட்டம் பேசறான். அவ்ளோதான் தோணிச்சி. மடியிலேருந்து அந்த மூணு வரிச் சீட்டை எடுத்து, அவரு கண்ணு முன்னாலயே நாலாக் கிழிச்சி, மூஞ்சி மேல வீசினேன்.

"உன் மொட்டைச் சீட்டை நீயே வெச்சிக்கோ!"

நாந்தான் கிழிச்சேன். எங்க வூட்டுக்காரரு இல்ல. அதை நான் யாருகிட்டயும் மறைக்கல.

சூசைநாதன் குனிஞ்சி ஒவ்வொரு துண்டா பொறுக்கினாரு.

மறுநாளு வெயாழக்கிழமை காலம்பற பக்கிரி வந்தான். மிஷின்ல கூட வேலை செஞ்சவன். அவனுக்கும் அதே இன்ஜின் வேலை மேல ஆசை. மிஷின்ல மூட்டை தூக்கினவன்னுதான் அவனுக்குச் சீட்டு. அதை வூட்ல வெச்சிட்டு, முன்ன எப்பவோ வேலை செஞ்ச அரிசி மில்லுலேருந்து வாங்கி வெச்சிருந்த புகழ்ச்சிச் சீட்டை எடுத்துகினு புதன்கிழமையே மராமத்து ஆபீஸுக்குப் போயிருக்கான். மூஞ்சி தொங்கிப்போயி வாசல்ல நின்னான்.

"திருப்பி அனுப்பிட்டாங்க அண்ணி. ஆபீசரு படிச்சிட்டு, 'தங்கமான ஆளு, சிங்கமான ஆளுன்னு எழுதியிருக்கு, நீ எப்ப சேந்த, எப்ப வெளிய வந்த, எந்த இன்ஜினு, அது எங்க இருக்கு?'ன்னு கேட்டாரு. இந்த மாதிரி இருவது சீட்டு வந்துச்சாம், எல்லாமே கோர்ட்டு எதிர அந்தோணிசாமி கையால எழுதினதுதானாம். தேதி போட்டு, வேலை இன்னான்னு போட்டு, எந்தக் கடப்பாடும் இல்லாம விட்டு அனுப்பினதாவும் போட்ட சீட்டு இருந்தா மட்டும் வான்னுட்டாரு. நம்ம கணக்குப்புள்ளை குடுத்தாரே, அது மாதிரி."

அந்தச் சீட்டைத்தானே நான் கிழிச்சிப் போட்டேன். எங்க வூட்டுக்காரரு என்னைப் பாத்தாரு. அடிச்சிருந்தாக்கூட பரவால்ல.

"ரயிலு எத்தினி மணிக்கு?"ன்னேன்.

"பதினொன்னு."

ஓடினோம். அவுரு முன்ன, நான் பின்ன, முந்தானையை இடுப்புல சொருவிகினு. மிஷினு பூட்டிக் கெடந்துச்சி. எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போயிட்டாங்கன்னு வாட்ச்மேன் சொன்னான். கல்லு முள்ளு பாக்கல, லைன் மேலயே ஓடினோம். நாங்க பிளாட்பாரத்துல கால் வெக்கறப்ப ரயிலு வந்து நின்னுகினு இருந்துச்சி. முசே ஏறி சன்னலோரம் உக்காந்துட்டாரு. பெட்டிங்களை ஏத்திகினு இருந்தாங்க.

சன்னலுக்கு வெளிய சூசைநாதன் நின்னுகினு இருந்தாரு. ஒரு கைல முத்திரை, ஒரு கைல அட்டையும் அது மேல ரெண்டு காயிதமும். மேல இருந்த காயிதத்தை முசே படிச்சிட்டு இன்னாவோ கேட்டாரு. கோவமா கேட்டாரு. சூசைநாதன் பதில் சொன்னாரு. முசே மறுபடியும் கேட்டாரு. அப்பால பேனாவை எடுத்து கையெழுத்து போட்டாரு. சூசைநாதன் அட்டையைத் தூணு மேல வெச்சி முத்திரை குத்தினாரு. அதுக்குள்ள விசில் ஊதிட்டான். அடியில இருந்த காயிதத்தை எடுத்து சன்னலுகிட்ட நீட்டினாரு. ரயிலு நகந்துடுச்சி. நீட்டின கையோட நாலு அடி கூடவே நடந்தாரு. அந்தாளு ஓடி நான் பாத்ததில்ல, அன்னிக்கும் ஓடல, வேகமா நடந்தாரு. முசே வெளிய கையை நீட்டிப் பாத்தாரு, எட்டல. ரயிலு போயிடுச்சி.

சூசைநாதன் திரும்பினாரு. எங்களைப் பாத்தாரு. நேரா எங்க வூட்டுக்காரருகிட்ட வந்து, முத்திரை ஈரம் காயாத சீட்டைக் குடுத்தாரு.

அதே மூணு வரி. அதே தேதிங்க. நான் கிழிச்ச அன்னிக்கு சாயங்காலமே திரும்ப எழுதிட்டாராம். முசே டவுனுக்குப் போயிட்டு காலையில நேரா ஸ்டேஷனுக்குத்தான் வந்ததால, அதுக்கு முன்ன கையெழுத்து வாங்க முடியலியாம்.

எங்க வூட்டுக்காரருதான் கேட்டாரு, "ஏன்யா இதைச் செஞ்ச? நாங்கதான் கிழிச்சிப் போட்டோமே."

"நோட்டுல குடுத்தாச்சின்னு எழுதியிருக்கேன். உன்கிட்ட சீட்டு இல்லன்னா நான் எழுதினது பொய்யாப் போயிடும்."

"முசே இன்னா கேட்டாரு?"

"ஏற்கெனவே போட்ட கையெழுத்து எதுக்குத் திரும்பன்னு கேட்டாரு. முதல் சீட்டு கெட்டுப்போச்சின்னு சொன்னேன்."

கெட்டுப்போச்சின்னு. கிழிச்சாங்கன்னு சொல்லல, பொம்பளை மூஞ்சில வீசினான்னு சொல்லல. அதுவும் பொய் இல்ல பாரு. எனக்கு அப்பத்தான் கண்ணு தளும்பிச்சி. அப்பத்தான் அவுரு கைல இருந்த இன்னொரு காயிதத்தையும் பாத்தேன். முத்திரை இல்ல. கையெழுத்து இல்ல.

"அது யாருது?"ன்னேன்.

"என்னுது."

"உன்னுதா? ஏன்யா, இத்தினி நாளா இன்னா பண்ண? உன் சீட்டுல மொதல்ல வாங்க வேணாமா?"

"எப்படி வாங்க முடியும்? வேலை முடிஞ்ச தேதி அதுல போடணும். மத்தவங்களுக்கு சனிக்கிழமை முடிஞ்சிது. எனக்கு நோட்டுங்களைக் கட்டி அனுப்பறது இன்னிக்குக் காலையிலதானே முடிஞ்சிது. முடியாததை முடிஞ்சிதுன்னு நேத்து எழுத முடியாது."

நாப்பத்திமூணு பேருக்கு எழுதினவரு, நாப்பத்தி நாலாவது அவுரு. கடைசியா எழுதி, கடைசியா நீட்டி, கடைசி நிமிசத்துல எட்டாமப் போச்சி. நான் கிழிக்காம இருந்தா அந்த சன்னலுகிட்ட அவுரு ஒரே ஒரு காயிதத்தைத்தான் நீட்டியிருப்பாரு. இதை எனக்கு யாரும் சொல்ல வேணாம். நானே எண்ணிப் பாத்துகினேன், நாலு வருஷமா எண்ணிகினேதான் இருக்கேன்.

"முத்திரை உங்ககிட்டதானே இருக்கு"ன்னாரு எங்க வூட்டுக்காரரு. அன்னைக்குத்தான் மொதமொதல்ல அவுரை நீங்கன்னாரு. "பத்தொம்பது வருஷம் பாத்த கையெழுத்து. நீங்களே போட்டுக்குங்க. எழுதினது எல்லாம் நெஜம்தானே, யாருக்கு இன்னா நட்டம்?"

"எழுதினது நெஜம். கையெழுத்து பொய்யாயிடுமே"ன்னு காயிதத்தை மடிச்சி சட்டைப் பையில வெச்சிகினாரு. முத்திரையை ஒரு துணியில சுத்தினாரு. டவுன் ஆபீஸுல ஒப்படைக்கணுமாம்.

வெள்ளிக்கிழமை எங்க வூட்டுக்காரரு மராமத்து ஆபீஸுக்குப் போனாரு. ஆபீசரு சீட்டைப் படிச்சாரு, தேதிங்களை வெரல் விட்டு எண்ணினாரு. "எண்ணெய் போட்டது மூணு வருஷம் எட்டு மாசம், ஓட்டினது அஞ்சி வருஷம் பத்து மாசம். சரி, எண்ணெய் போட்டவனுக்குத்தான் இன்ஜின் பாஷை தெரியும்"னாராம். கேவலம்னு நாங்க நெனச்ச அந்த வரியைத்தான் அவுரு மொதல்ல பாத்திருக்காரு. சூடு ஏறினா இன்னா பண்ணுவ, பெல்ட்டு நழுவினா இன்னா பண்ணுவன்னு ரெண்டு கேள்வி. இவுருக்குத் தெரிஞ்சதுதான், சொன்னாரு. தலைமை மெக்கானிக்குன்னு எழுதின அந்தப் பெரிய சீட்டைக் கொண்டு போயிருந்தா, கழட்டி மாட்டுடான்னு ஒரு இன்ஜினை முன்னால வெச்சிருப்பாங்க, மானம் கப்பலேறியிருக்கும். விட்டு அனுப்பினதா வரி இருந்ததால அன்னைக்கே சேத்துகினாங்க. இன்னி வரைக்கும் அந்தத் தண்ணி இன்ஜினை அவுருதான் ஓட்டறாரு.

சூசைநாதன் நாலஞ்சி கம்பெனிக்கு ஏறி எறங்கினாரு. எல்லாரும் சீட்டு எங்கன்னாங்க. முசே போன எடத்துக்குக் கடுதாசி போட்டாரு, சண்டைக்காலம், போயி சேந்துச்சோ இல்லியோ. நோட்டு எல்லாம் டவுன் ஆபீஸுல இருந்துச்சி, அந்த ஆபீஸையும் கொஞ்ச நாள்ல பூட்டிட்டாங்க. நாங்க நாப்பத்திமூணு பேரும் ஒன்னு சேந்து, எங்களுக்குத் தெரியும்னு கைநாட்டு வெச்சித் தரோம்னு போனோம். "வேலைக்காரங்க குடுக்கற சீட்டை எந்த ஆபீஸ் வாங்கும்?"னு கேட்டுட்டு சிரிச்சாரு. அந்த ஒரு தடவைதான் அவுரு சிரிச்சி நான் பாத்தேன். இப்ப சந்தையில சுங்கச்சீட்டு கிழிச்சிக் குடுக்கற வேலை, குத்தகைக்காரன்கிட்ட. காலரு மட்டும் இன்னும் வெள்ளை வெளேர்னு இருக்கு.

போன வாரம் சந்தைக்குப் போனேன். கத்திரிக்கா கூடையை எறக்கி வெச்சேன், சுங்கச்சீட்டு குடுத்தாரு. எனக்கு அடக்க முடியல. "இன்னும் அந்தக் காயிதம் வெச்சிருக்கீங்களா?"ன்னேன். பையிலேருந்து எடுத்துக் காட்டினாரு. மடிப்பு மடிப்பா கிழிய ஆரம்பிச்சிருந்துச்சி. படிச்சிச் சொல்லுங்கன்னேன். சந்தை நடுவுல, கூடைக்காரங்க கத்திகினு இருக்கறப்ப, படிச்சாரு. நான் அப்படியே உள்ள வாங்கிகினேன்.

அதனால யாராவது கேட்டா நான் சொல்லுவேன். வில்லியனூரு சூசைநாதன், மல்லாட்டை மிஷின்ல கணக்கெழுத்து வேலை பாத்தாரு. உள்ள வந்தது 1921 செப்டம்பரு 5. வெளிய போனது 1940 அக்டோபரு 3. செஞ்ச வேலை, ஆளுங்க வந்த நேரம் போன நேரம் எழுதறது, சீட்டு எழுதறது. யாருக்கும் எந்தக் கடப்பாடும் இல்லாம விடுபட்டுப் போனாரு. நல்லவருன்னு சொல்லணும்னு நாக்கு துடிக்குது, ஆனா அதை அவுரு ஒத்துக்க மாட்டாரு. கீழ கையெழுத்து போட எனக்குத் தெரியாது, கைநாட்டுதான்.